வேலை எந்தத் தேதியில் முடியும்? WORKDAY.INTL கொண்டு கணக்கிடும் முறை

2025 ஜனவரியில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினோம். செலவுக் கணக்குக்காக ஏற்கெனவே ஒரு ஷீட் வைத்திருந்தேன். அதிலேயே வேலைகளையும் எழுதி, எது எந்தத் தேதியில் முடியும் என்று WORKDAY ஃபார்முலாவால் கணக்குப் போட்டேன். ஜனவரி 8 புதன்கிழமை சுவர் வேலை தொடக்கம், ஆறு நாள் வேலை. ஷீட் ஜனவரி 16 என்று காட்டியது. அதை நம்பி, 17 காலையில் வரும்படி சென்டரிங் ஆட்களுக்குச் சொல்லி, முட்டும் தகரமும் முந்தைய வாரமே இறக்கி வைக்க ஏற்பாடு செய்தேன்.

ஜனவரி 16 காணும் பொங்கல். கொத்தனார்கள் 13ஆம் தேதி சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வந்தது 20ஆம் தேதி திங்கட்கிழமை. இறக்கி வைத்த சென்டரிங் சாமான்களுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. ஃபார்முலாவில் பிழை இல்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அது கொடுத்தது. சனி, ஞாயிறு இரண்டும் லீவு, பொங்கல் என்று எதுவும் இல்லை, தொடங்கும் நாள் கணக்கில் சேராது என்று எடுத்துக்கொண்டு எண்ணியது. அந்த மூன்றுமே எங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை.

இதே கணக்கை நீங்கள் சரியாகப் போடுவது எப்படி என்று, அந்த மாடி அறையையே உதாரணமாக வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

## 1. ஷீட்டைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, வேலைகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்பதும். இதை மேஸ்திரியிடம் கேட்கும்போது, "எத்தனை நாள் ஆகும்?" என்பதோடு நிறுத்தாமல், "ஞாயிறைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்றும் கேளுங்கள். "ஒரு வாரம்" என்று அவர் சொன்னால் அது ஆறு வேலை நாளாகவும் இருக்கலாம், ஏழு காலண்டர் நாளாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, வாரத்தில் எந்தெந்த நாள் விடுப்பு என்பது. கட்டட வேலையில் பெரும்பாலும் ஞாயிறு மட்டும்தான்.

மூன்றாவது, விடுமுறைத் தேதிகள். இதற்கு அடுத்த படியில் தனியாக வருகிறேன்.

மென்பொருளுக்குச் செலவு எதுவும் இல்லை. கூகுள் ஷீட்ஸ் இலவசம், லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசம், பிரௌசரில் திறக்கும் எக்செலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தொடங்கினால் இலவசம். கீழே வரும் ஃபார்முலாக்கள் மூன்றிலும் வேலை செய்யும். கால்க்கில் மட்டும், பக்கத்தின் பெயருக்குப் பின்னால் வரும் `!` குறிக்குப் பதில் புள்ளி வைத்து `Leave.$A$2:$A$20` என்பது போல எழுதுங்கள். கணினியில் நிறுவிய எக்செல் என்றால் 2010 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும், அதற்கு முன் WORKDAY.INTL கிடையாது. பட்டியல் கையில் இருந்தால், முதல் தடவை ஷீட்டைத் தயார் செய்ய ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

## 2. விடுமுறைப் பட்டியலை வேலையாட்களிடம் கேட்டு எழுதுங்கள்

அரசு விடுமுறைப் பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டால் போதும் என்று நினைத்தால் இரண்டு இடத்தில் இடறும்.

முதலில், அந்தப் பட்டியலே பிறகு மாறலாம். 2025இல் பொங்கல் ஜனவரி 14 செவ்வாய், திருவள்ளுவர் தினம் 15, உழவர் திருநாள் 16. காலண்டரில் அச்சாகியிருந்தது இவ்வளவுதான். நடுவில் மாட்டிக்கொண்ட 17 வெள்ளியையும் தமிழக அரசு பிறகு விடுமுறையாக அறிவித்து, அதற்கு ஈடாக ஜனவரி 25 சனிக்கிழமையை வேலை நாள் ஆக்கியது. டிசம்பரில் பட்டியலை எழுதிவிட்டு அப்படியே விட்டவர்களுக்கு ஒரு நாள் தப்பியிருக்கும்.

அடுத்தது, கட்டட ஆட்கள் அரசுப் பட்டியலைப் பார்த்து லீவு எடுப்பதில்லை. எங்கள் கொத்தனார் போகி அன்று வேலைக்கு வந்தார். ஆனால் 18 சனிக்கிழமை வரவில்லை. ஊருக்குப் போனவர் ஒரு நாள் வேலைக்காகத் திரும்பி வந்து, மறுநாள் ஞாயிறு உட்கார்ந்திருக்க மாட்டார். ஆகவே 18ஆம் தேதியும் எங்கள் பட்டியலில் விடுமுறைதான்.

ஷீட்டில் இதற்கென்று தனிப் பக்கம் திறந்து அதற்கு `Leave` என்று பெயர் கொடுங்கள். A1இல் தலைப்பு, A2 முதல் தேதிகள், பக்கத்தில் B நெடுவரிசையில் காரணம். எங்களுடையது இப்படி இருந்தது:

```
A2  2025-01-14  பொங்கல்
A3  2025-01-15  மாட்டுப் பொங்கல்
A4  2025-01-16  காணும் பொங்கல்
A5  2025-01-17  ஊரில்
A6  2025-01-18  ஊரில்
A7  2025-01-26  குடியரசு தினம்
A8  2025-02-11  தைப்பூசம்
```

2025இல் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமை. ஏற்கெனவே லீவான நாள் பட்டியலிலும் இருந்தால் இரண்டு தடவை கழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஒரு தடவைதான் கழியும். தேதிகள் வரிசையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதனால் புதிதாக ஒரு நாள் வந்தால் கடைசியில் எழுதிக்கொண்டே போகலாம். அதற்கு இடம் விட்டு, ஃபார்முலாவில் A20 வரை எடுத்துக்கொள்ளப் போகிறோம். காலி செல் இருந்தால் கணக்கு கெடாது.

## 3. தேதி நிஜமாகவே தேதியா என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். ஷீட்டுக்குள் தேதி என்பது ஓர் எண். 2025 ஜனவரி 8 என்றால் 45665. அதற்கு மேல் தேதி போலத் தெரிய ஒரு வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். ஃபார்முலா போட்டதும் 45677 என்பது போல ஒரு எண் வந்தால் பதற வேண்டாம். அந்தச் செல்லுக்குத் தேதி வடிவம் கொடுத்தால் 20-01-2025 என்று மாறிவிடும்.

ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. ஷீட் அமெரிக்க அமைப்பில் இருந்தால், அது மாதத்தை முதலிலும் நாளை அடுத்ததாகவும் படிக்கும். நீங்கள் பொங்கலுக்கு 14/01/2025 என்று எழுதினால், பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். தைப்பூசத்துக்கு 11/02/2025 என்று எழுதினால் இன்னும் மோசம். அதை நவம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளும், எந்தப் பிழையும் காட்டாது. பிப்ரவரியில் விடுமுறை காணாமல் போயிருப்பது உங்களுக்குத் தெரியவே வராது.

இதைத் தவிர்க்க, எப்போதும் 2025-02-11 என்று ஆண்டை முதலில் வைத்து எழுதுங்கள். கூகுள் ஷீட்ஸில் `File > Settings` போய் `Locale` என்பதை `India` ஆக மாற்றுங்கள். அப்புறம் ஒரு சின்னச் சோதனை:

```
=COUNT(Leave!A2:A20)
```

இது எண்களை மட்டும் எண்ணும். எங்கள் பட்டியலுக்கு 7 வர வேண்டும். 6 வந்தால் ஒரு தேதி எழுத்தாக மாறிக் கிடக்கிறது என்று பொருள். நாளும் மாதமும் இடம் மாறிய தேதியை இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு A நெடுவரிசையின் வடிவத்தை `ddd dd-mmm-yyyy` என்று மாற்றிவிட்டு, கிழமையும் மாதப் பெயரும் தெரியும்படி ஒரு முறை கண்ணால் பாருங்கள். தைப்பூசம் செவ்வாய், பிப்ரவரி என்று இருந்தால் சரி. ஞாயிறு, நவம்பர் என்று இருந்தால் திருத்துங்கள்.

## 4. முடிவுத் தேதிக்கான ஃபார்முலா

இப்போது வேலைப் பக்கம். முதல் வரிசையில் தலைப்புகள்: A வேலை, B தொடக்கம், C நாள், D முடிவு. இரண்டாம் வரிசையில் சுவர் வேலை. B2இல் 2025-01-08, C2இல் 6.

முதலில் நான் போட்ட தவறான ஃபார்முலா இது:

```
=WORKDAY(B2, C2)
```

WORKDAY சனியையும் ஞாயிறையும் லீவாகவே எடுத்துக்கொள்ளும், அதை மாற்ற வழியில்லை. ஞாயிறு மட்டும் லீவு என்று சொல்ல WORKDAY.INTL வேண்டும். அதில் மூன்றாவது இடத்தில் வார விடுப்புக்கான எண். 1 என்றால் சனி ஞாயிறு, 11 என்றால் ஞாயிறு மட்டும், 16 என்றால் வெள்ளி மட்டும். எண் மறந்துபோனால் ஏழு இலக்கமாகவும் எழுதலாம். `"0000001"` என்றால் திங்களில் தொடங்கி ஞாயிறு வரை, 1 உள்ள நாள் லீவு. மேற்கோள் குறி கட்டாயம்.

நான்காவது இடத்தில் விடுமுறைப் பட்டியல். இங்கே கவனம். WORKDAYஇல் பட்டியல் மூன்றாவது இடத்தில் வரும், WORKDAY.INTLஇல் நான்காவது இடத்தில் வரும். பழைய ஃபார்முலாவின் பெயரில் மட்டும் `.INTL` சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் பட்டியல் தவறான இடத்தில் உட்காரும்.

அப்படியானால் ஃபார்முலா இதுதானே?

```
=WORKDAY.INTL(B2, C2, 11, Leave!$A$2:$A$20)
```

இல்லை. இதுவும் ஒரு நாள் தள்ளிப் போகும். ஜனவரி 21 என்று காட்டும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 8 புதன் ஒன்று, 9 இரண்டு, 10 மூன்று, 11 சனி நான்கு, 12 ஞாயிறு இல்லை, 13 போகி ஐந்து. 14 முதல் 19 வரை யாரும் இல்லை. 20 திங்கள் ஆறு. வேலை 20ஆம் தேதி முடிகிறது. ஃபார்முலா ஏன் 21 என்கிறது? அது தொடக்கத் தேதியை எண்ணுவதில்லை. "இந்தத் தேதிக்குப் பிறகு ஆறாவது வேலை நாள் எது" என்றுதான் அது கணக்கிடுகிறது. 8ஆம் தேதி காலையிலேயே கொத்தனார் கரணையை எடுத்துவிட்டார் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே தொடக்கத்துக்கு முந்தைய நாளிலிருந்து எண்ணச் சொல்ல வேண்டும்:

```
=WORKDAY.INTL(B2-1, C2, 11, Leave!$A$2:$A$20)
```

இது 20-01-2025 தரும். சரியான விடை.

சிலர் தொடக்கத்தைத் தொடாமல், நாளில் ஒன்றைக் குறைத்து `WORKDAY.INTL(B2, C2-1, ...)` என்று எழுதுவார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆனால் தொடக்கத் தேதி தெரியாமல் விடுமுறை நாளில் விழுந்துவிட்டால் கதை வேறு. ஒரே நாள் வேலையை ஜனவரி 14இல் தொடங்குவதாக எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளில் ஒன்றைக் குறைத்தால் பூஜ்யம். பூஜ்யம் நாள் தள்ளச் சொன்னால், அது விடுமுறையா என்று பார்க்காமல் அதே தேதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். வேலை பொங்கல் அன்று முடிந்ததாகக் காட்டும். தொடக்கத்தில் ஒன்றைக் குறைக்கும் முறை 20 என்று சரியாகச் சொல்லும். அதனால் அதையே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. C நெடுவரிசையில் அரை நாள் எழுதாதீர்கள். கம்பி கட்ட இரண்டரை நாள் என்று 2.5 போட்டால், ஃபார்முலா புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு 2 என்றே எடுத்துக்கொள்ளும். மேல்நோக்கி முழுதாக்கி 3 என்று எழுதுங்கள்.

## 5. அடுத்த வேலையின் தொடக்கத்தையும் ஃபார்முலாவே சொல்லட்டும்

சுவர் முடிந்த பிறகு வரும் முதல் வேலை நாளில் சென்டரிங் தொடங்கும். இங்கே தொடக்கத் தேதியை எண்ணாத அந்தக் குணம் நமக்குச் சாதகம். முந்தைய வேலையின் முடிவுக்குப் பிறகு ஒரு வேலை நாள் என்று கேட்டால் போதும். B3இல்:

```
=WORKDAY.INTL(D2, 1, 11, Leave!$A$2:$A$20)
```

இங்கே ஒன்றைக் குறைக்கக் கூடாது. பலர் `D2+1` என்று எழுதிவிடுவார்கள். சனிக்கிழமை முடிந்த வேலைக்கு அடுத்தது ஞாயிறு தொடங்குவதாகக் காட்டும்.

B3ஐயும் D2ஐயும் கீழே இழுத்துவிட்டால் எல்லா வரிசைக்கும் வந்துவிடும். ஆனால் இழுக்கும் முன் `$` குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் `Leave!A2:A20` என்று எழுதி இழுத்தால், அடுத்த வரிசையில் A3:A21 ஆகிவிடும், அதற்கடுத்து A4:A22. ஒவ்வொரு வரிசைக்கும் பட்டியலின் தலையிலிருந்து ஒரு விடுமுறை உதிர்ந்துகொண்டே போகும். சுவர் வேலை ஜனவரி 6 திங்களே தொடங்கியிருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். சுவர் 11ஆம் தேதி முடியும். நான்கு நாள் சென்டரிங் 13இல் தொடங்கி, பொங்கலைத் தாண்டி, 22இல் முடிய வேண்டும். `$` இல்லாத ஷீட்டில் 21 என்று வந்தது. மூன்றாம் வரிசைக்கு 14ஆம் தேதி பட்டியலில் இல்லை. பொங்கல் அன்று சென்டரிங் அடித்ததாகக் கணக்கு. பிழை என்று எந்தச் சிவப்பு எழுத்தும் வராது, தேதியும் பார்க்க நியாயமாகவே இருக்கும். அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

## 6. லீவு பார்க்காத நாட்களும் உண்டு

ரூஃப் கான்கிரீட் போட்ட பிறகு சில நாள் முட்டுகளை எடுக்கக் கூடாது, தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். எத்தனை நாள் என்பது தளத்தின் அகலத்தைப் பொறுத்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456இல் 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டுகளை எடுக்கக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று இருக்கிறது. எங்கள் பொறியாளர் 14 நாள் விடச் சொன்னார். உங்கள் தளத்துக்கு எவ்வளவு என்பதை உங்கள் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு இங்கே முக்கியம், இந்த 14 நாளில் ஞாயிறும் சேரும், தைப்பூசமும் சேரும் என்பது. கான்கிரீட் லீவு எடுப்பதில்லை. இந்த வரிசைக்கும் WORKDAY.INTL போட்டால் தேதி வீணாகத் தள்ளிப்போகும், வாடகையும் கூடும். மாறாக, எல்லா வரிசைக்கும் வெறும் கூட்டல் போட்டால் மற்ற வேலைகள் கெடும்.

அதற்கு E நெடுவரிசையில் ஓர் அடையாளம் வையுங்கள். வெறுமனே காத்திருக்கும் வரிசைக்கு 1, ஆள் வேலைக்குக் காலி. D2இன் ஃபார்முலா இப்படி மாறும்:

```
=IF(E2=1, B2+C2-1,
 WORKDAY.INTL(B2-1, C2, 11, Leave!$A$2:$A$20))
```

B3இல் உள்ளது இப்படி:

```
=IF(E3=1, D2+1,
 WORKDAY.INTL(D2, 1, 11, Leave!$A$2:$A$20))
```

இரண்டையும் கீழே இழுத்ததும் எங்கள் ஷீட் இப்படி நின்றது:

| வேலை | தொடக்கம் | நாள் | முடிவு | E |
|---|---|---|---|---|
| சுவர் | 08-01 புதன் | 6 | 20-01 திங்கள் | |
| சென்டரிங் | 21-01 செவ்வாய் | 4 | 24-01 வெள்ளி | |
| கம்பி கட்டு | 25-01 சனி | 3 | 28-01 செவ்வாய் | |
| கான்கிரீட் | 29-01 புதன் | 1 | 29-01 புதன் | |
| முட்டோடு காத்திருப்பு | 30-01 வியாழன் | 14 | 12-02 புதன் | 1 |
| சென்டரிங் பிரிப்பு | 13-02 வியாழன் | 1 | 13-02 வியாழன் | |
| பூச்சு | 14-02 வெள்ளி | 7 | 21-02 வெள்ளி | |

காத்திருப்பு வரிசையில் E காலியாக இருந்திருந்தால் 14 நாள் பிப்ரவரி 15 சனிக்கிழமைதான் முடியும், பிரிப்பு 17 திங்களுக்குப் போகும். நான்கு நாள் வித்தியாசம். ஆள் வந்தால்தான் நகரும் வேலை, நாள் போனாலே நகரும் வேலை என்று உங்கள் பட்டியலை முதலிலேயே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பெயிண்ட் காய்வது, பூச்சுக்குத் தண்ணீர் விடுவது, கூரியரில் சாமான் வருவது எல்லாம் இந்தக் கேள்விக்கு உட்பட்டவை.

## 7. எண்ணிப் பார்த்துச் சரிபாருங்கள்

G நெடுவரிசையில் இதைப் போடுங்கள் (F வேறொன்றுக்குத் தேவைப்படும்):

```
=IF(E2=1, D2-B2+1,
 NETWORKDAYS.INTL(B2, D2, 11, Leave!$A$2:$A$20))=C2
```

NETWORKDAYS.INTL இரண்டு தேதிகளுக்கு நடுவில் உள்ள வேலை நாட்களை எண்ணும். WORKDAY.INTL போல இல்லாமல், தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்தே எண்ணும். ஆகவே அது C நெடுவரிசையில் உள்ள நாளோடு பொருந்த வேண்டும். எல்லா வரிசையிலும் TRUE வந்தால் ஒன்றைக் குறைக்க மறந்த பிழை இல்லை என்று பொருள். FALSE வந்த வரிசையில் `-1` இருக்கிறதா, அரை நாள் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஆனால் பட்டியலே தவறாக இருந்தால் இந்தச் சோதனையும் அதே தவறான பட்டியலைப் பார்த்து TRUE என்றே சொல்லும். ஆகவே விடுமுறை விழும் ஒரு வேலையை மட்டுமாவது சுவர்க் காலண்டரில் விரல் வைத்து எண்ணுங்கள். எங்கள் ஷீட்டில் அது சுவர் வரிசை. இரண்டு நிமிடம்தான் ஆகும்.

## 8. மழையும் தாமதமும்

வேலை தொடங்கிய பிறகு தேதிகள் நகரும். அப்போது D நெடுவரிசையில் உள்ள ஃபார்முலாவை அழித்துவிட்டு, உண்மையான தேதியை அதன் மேல் எழுதாதீர்கள். அந்த வரிசை அதோடு உறைந்துவிடும். மேலே எது மாறினாலும் அது அசையாது, பழைய திட்டம் என்னவென்றும் தெரியாமல் போகும்.

மழையால் வேலை நின்றால் அந்தத் தேதியை `Leave` பக்கத்தின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். காரணம் "மழை". ஜனவரி 22ஐச் சேர்த்துப் பாருங்கள். சென்டரிங் 25இல் முடியும், கான்கிரீட் 30க்குப் போகும், காத்திருப்பு பிப்ரவரி 13 வரை, பூச்சு 22இல் முடியும். எல்லாம் தானாக ஒரு நாள் நகரும். அதே மழை பிப்ரவரி 5இல் பெய்ததாகச் சேர்த்தால் ஒரு தேதிகூட மாறாது. அன்று கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கும் நாள், மழை அதற்கு நல்லதுதான்.

ஆள் வராததாலோ, சாமான் வராததாலோ ஒரு வேலை மட்டும் இழுத்தால், F நெடுவரிசையில் "உண்மை முடிவு" என்று தலைப்பிட்டு அங்கே தேதியை எழுதுங்கள். B3இன் ஃபார்முலாவில் D2 வரும் இரண்டு இடத்திலும் இதைப் போட்டு, மறுபடி கீழே இழுத்துவிடுங்கள்:

```
IF(F2="", D2, F2)
```

உண்மைத் தேதி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கணக்கிட்டதை எடுத்துக்கொள்ளும். திட்டம் ஒரு பக்கம், நடந்தது ஒரு பக்கம் என்று இரண்டும் கண்ணெதிரே இருக்கும்.

## 9. வங்கி சொல்லும் "5 வேலை நாள்"

கடனில் கட்டுபவர்களுக்கு இது வேண்டும். கான்கிரீட் முடிந்ததும் அடுத்த தவணைக்கு ஜனவரி 30 வியாழனன்று மனு கொடுத்தேன். "5 வேலை நாளில் வந்துவிடும்" என்றார்கள். மனு கொடுத்த நாளை அவர்கள் எண்ணுவதில்லை, மறுநாளிலிருந்துதான் எண்ணுவார்கள். ஆகவே இங்கே `-1` வேண்டாம், ஃபார்முலா இயல்பாக எண்ணுவதே சரி.

ஆனால் வார விடுப்புக்கு என்ன எண் போடுவது? இந்தியாவில் வங்கிகளுக்கு ஞாயிறோடு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் லீவு. முதல், மூன்றாம் சனியில் வேலை உண்டு. இப்படி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரும் விடுப்புக்கு WORKDAY.INTLஇல் எண் கிடையாது. வழி இதுதான்: எண் 11 போட்டு, சனியை எல்லாம் வேலை நாளாகவே விடுங்கள். வங்கிக்கென்று `Bank` என்ற தனிப் பக்கத்தில் விடுமுறைகளோடு 2025-01-11, 2025-01-25, 2025-02-08, 2025-02-22 என்று மூடியிருக்கும் சனிகளையும் சேர்த்து எழுதுங்கள். மனு கொடுத்த தேதி J2இல் இருந்தால்:

```
=WORKDAY.INTL(J2, 5, 11, Bank!$A$2:$A$30)
```

பிப்ரவரி 5 வரும். முதல் சனியான பிப்ரவரி 1 வங்கிக்கு வேலை நாள் என்பதால் அதுவும் சேர்ந்திருக்கிறது. சாதாரண WORKDAY போட்டிருந்தால் 6 என்று காட்டும்.

அரசு அலுவலகத்தில் ஏதாவது அனுமதிக்குக் காத்திருந்தாலும் இதே வழிதான். அவர்களுக்கு எல்லாச் சனியும் லீவு. ஆனால் 2025 ஜனவரி 25, முன்னால் சொன்னபடி, ஈடு செய்யும் வேலை நாள். வார விடுப்பு என்று ஒரு முறை சொல்லிவிட்ட கிழமையில் ஒரே ஒரு நாளை மட்டும் திரும்ப வேலை நாளாக்க இந்த ஃபார்முலாவில் வழியில்லை. அதனால் அங்கேயும் எண் 11 போட்டு, 25ஐ மட்டும் விட்டுவிட்டு மற்ற சனிகளை எல்லாம் பட்டியலில் எழுத வேண்டும். ஒரே சனிக்கிழமை, வங்கிக்கு லீவு, அரசு அலுவலகத்துக்கு வேலை, கொத்தனாருக்கும் வேலை. ஆகவே மூன்றுக்கும் ஒரே பட்டியலை வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் வையுங்கள்.

## 10. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி

சில நேரம் முடிவுத் தேதிதான் முதலில் தெரியும். பூச்சு வேலை பிப்ரவரி 28க்குள் முடிந்தாக வேண்டும் என்றால், அதிகபட்சம் எந்த நாள் வரை தொடங்காமல் இருக்கலாம்? நாளை மைனஸில் கொடுத்தால் ஃபார்முலா பின்னோக்கி எண்ணும். கடைசித் தேதி K2இல், நாள் L2இல் இருக்கட்டும்:

```
=WORKDAY.INTL(K2+1, -L2, 11, Leave!$A$2:$A$20)
```

முன்னோக்கிப் போகும்போது ஒன்றைக் குறைத்தோம் அல்லவா, பின்னோக்கி வரும்போது ஒன்றைக் கூட்ட வேண்டும். கடைசி நாளும் வேலை செய்யும் நாள்தான் என்பதால். ஏழு நாளுக்கு பிப்ரவரி 21 வெள்ளி என்று வரும். எங்கள் ஷீட்டில் பூச்சு தொடங்குவது 14ஆம் தேதி. 14 முதல் 20 வரை ஆறு வேலை நாள் கையில் மிச்சம். அந்த ஆறு நாளுக்குள் மழையோ தாமதமோ வந்தால் தாங்கும், அதைத் தாண்டினால் 28 தப்பும்.

இந்தத் தேதியை மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, கிழமையோடு மேஸ்திரியிடம் கொடுத்தேன். "21 வெள்ளிக்குள்ள பூச்சு தொடங்கலைன்னா சொல்லிடுங்கண்ணே, நான் கூட ரெண்டு ஆள் பாக்கணும்" என்றேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 13ஆம் தேதி முட்டுகளைப் பிரித்து, 14 காலையில் பூச்சைத் தொடங்கிவிட்டார்.